பதிவு எண் உண்மை, மருத்துவர் யார்?

இணையவழி ஆலோசனைக்குப் பணம் செலுத்துமுன், மருத்துவரின் சுயவிவரத்தில் உள்ள பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் nmc.org.in தளத்தில், 'Indian Medical Register' பகுதியில் தேடிப் பாருங்கள். எண் கிடைத்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ஏனெனில் மோசடிக்காரர்கள் எண்ணைக் கற்பனை செய்யாமல், வேறொரு மருத்துவரின் உண்மையான எண்ணையே இரவல் வாங்கியிருக்கலாம். மேலும், ஒவ்வொரு மாநில மருத்துவ மன்றமும் தனித்தனியே எண் வழங்குவதால், ஒரே எண் பல மாநிலங்களில் பலருக்கு இருக்கலாம். ஆகவே மன்றத்தின் பெயரையும் சேர்த்துத் தேடி, பதிவு செய்த ஆண்டு, பட்டம், பல்கலைக்கழகம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும்.

சுயவிவரப் படத்தில் முப்பது வயதுத் தோல் நிபுணர் சிரிக்கிறார், பதிவேட்டிலோ அதே பெயருக்கு நேரே 1984 என்றும் எம்.பி.பி.எஸ். மட்டும் என்றும் இருக்கிறது என வைத்துக்கொள்வோம், அங்கேயே நிறுத்திவிடலாம். மேற்படிப்பு மட்டும் விடுபட்டிருந்தால், பதிவேடு புதுப்பிக்கப்படாமலும் இருக்கக்கூடும் என்பதால், மாநில மன்றத்தின் தளத்தையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் பொருந்தினாலும் திரையில் பேசுபவர் அவர்தானா என்பதைப் பதிவேடு சொல்லாது. அவர் பணிபுரிவதாகக் கூறும் மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்து விசாரியுங்கள். மருந்துச்சீட்டிலும் கட்டண ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்; கேட்டால் மழுப்புகிறவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.