பையில் சும்மா இருந்த கார்டு

நாங்கள் திருமணங்களுக்குப் போகும்போது வைத்திருக்கும் மெமரி கார்டு சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: “கணினியில் இரண்டு நகல் ஏறிச் சரிபார்க்கப்படும்வரை எந்தக் கார்டும் வெளியாள் கைக்குப் போகாது.” அந்த வரியை எழுதியவன் நான். அதை ஒரு முகூர்த்த நாளில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன், படம் ஒன்றுகூடத் தொலையவில்லை. இருந்தும் அன்று நான் சொன்ன பதில் சரிதானா என்ற கேள்வி விடவில்லை. அதனால் அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் காரணங்களை ஒழுங்காக எழுதிப் பார்த்துவிட நினைக்கிறேன்.

எங்கள் கேமராவில் எஸ்டி கார்டுக்கான இடம் இரண்டு உண்டு. ஒன்று நிரம்பிய பிறகு மற்றொன்றுக்குப் போகும்படியும் வைக்கலாம், ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படியும் வைக்கலாம். பட்டியலின் முதல் வேலையே, அது இரண்டாவது முறையில்தான் இருக்கிறதா என்று மண்டபத்துக்குக் கிளம்புமுன் பார்ப்பது. இரண்டு கார்டும் ஒரே கொள்ளளவில் இருக்க வேண்டும். ஒன்று 64 ஜிபி, மற்றது 128 ஜிபி என்று போட்டால், எங்களிடம் உள்ள மாடல் சிறிய கார்டு நிரம்பியவுடன் படமெடுப்பதையே நிறுத்திவிடும். தாலி கட்டும் நேரத்தில் அது நின்றால் என்ன ஆகும் என்பதைத் தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முகூர்த்தம் முடிந்ததும், கார்டில் இடம் மிச்சமிருந்தாலும், இரண்டையும் கழற்றிப் புதிய ஜோடி போடுவது எங்கள் வழக்கம். பதிவு விளக்கு அணைந்ததா என்று பார்த்த பிறகே மூடியைத் திறப்போம். கழற்றியவுடன் கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறிய பூட்டுத் தாழ்ப்பாளைக் கீழே தள்ளிவிடுவோம். அவசரத்தில் யாராவது அதையே மறுபடி போட்டால், கார்டு பூட்டியிருக்கிறது என்று சொல்லிக் கேமரா மறுத்துவிடும். பிறகு ஒரு கார்டு என் சட்டைப் பைக்கும், இன்னொன்று உடன் வரும் தம்பியின் இடுப்புப் பைக்கும் போய்விடும். இரண்டு நகல் இருந்தும் இரண்டும் ஒரே பையில் இருந்தால், அந்தப் பை தொலையும்போது இரண்டும் சேர்ந்தே தொலையும்.

அன்றும் இதையெல்லாம் செய்து முடித்திருந்தேன். பந்தி நடந்துகொண்டிருந்தபோது பெண்ணின் சித்தப்பா லேப்டாப் பையோடு வந்தார். இரவு விமானத்தில் வெளிநாடு திரும்புகிறார், மனைவிக்கு விடுப்புக் கிடைக்காததால் தனியாக வந்திருக்கிறார் என்பது காலையிலேயே எனக்குத் தெரியும்.

“தம்பி, தாலி கட்டின கார்டைக் கொஞ்சம் குடுங்க. லேப்டாப்புல போட்டுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல தந்துர்றேன்.”

“இல்லைங்க சார், கம்ப்யூட்டர்ல ஏத்துற வரைக்கும் கார்டை வெளியே தர்றதில்லை. போனுக்கு வேணா இப்பவே அனுப்புறேன்.”

“போனுக்கு வந்தா சின்னதா வரும், பெரிசு பண்ணி மாட்ட முடியாது. ரெண்டு கார்டுல ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணு அந்தத் தம்பிகிட்ட இருக்கு. இது சும்மா உங்க பையிலதானே இருக்கு?”

“சும்மா இருக்கிறதுதான் சார் அதோட வேலை.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கல்யாணம் எங்க வீட்டுது, படம் மட்டும் உங்களுதா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டவற்றில் ஒன்று மட்டும் நடைமுறைக்கு ஒவ்வாதது. முகூர்த்தம்வரை ஏறத்தாழ 1,400 படங்கள் இருந்தன. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 27 எம்பி என்றால் மொத்தம் 38 ஜிபி. நொடிக்கு 80 எம்பி வேகத்தில் படித்தால்கூட எட்டு நிமிடம் ஆகும். பழைய லேப்டாப்பின் கார்டு துளையில் அதைப் போல இரு மடங்கும் ஆகலாம். விமானத்துக்குப் போகிறவர் எட்டாவது நிமிடத்தில் கார்டை உருவமாட்டார் என்று எப்படி நம்புவது? ஆனால் இந்த வாதம் முழுமையானதில்லை. அவருக்கு எல்லாப் படமும் தேவைப்படவில்லை, பத்துப் படம் போதும். ஜேபெக்காக மாற்றாத ரா கோப்பு அவருடைய லேப்டாப்பில் திறந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். அதை அவரிடம் விளக்கியிருக்கலாம். அந்த இரைச்சலில் எனக்கு அது தோன்றவில்லை.

எனக்கு இருந்த உண்மையான அச்சம் வேறு. 32 ஜிபிக்கு மேல் உள்ள கார்டுகளைக் கேமரா எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வடிவமைக்கிறது. எந்தப் படம் கார்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அதில் ஓர் அட்டவணையாக இருக்கும். அந்த அட்டவணையைத் திருத்தும்போது பாதியில் இணைப்பு அறுந்தால் அதைச் சீர்செய்ய உதவும் பதிவேடு அந்த முறையில் கிடையாது. விண்டோஸ் கணினியில் கார்டைச் செருகியவுடன் System Volume Information என்ற கோப்புறையை அது தானாகவே எழுதிவிடும். மேக் கணினியும் தன் பங்குக்கு மறைவான சில கோப்புகளை எழுதும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. எழுதும் நொடியில் கார்டை உருவினால்தான் ஆபத்து. அதைவிட, கார்டில் ஏதோ பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்றோ, ஃபார்மட் செய்யட்டுமா என்றோ கணினி கேட்கும்போது, தெரியாதவர் ஆம் என்று அழுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து.

இந்த நியாயங்களை எல்லாம் வேனில் வரும்போது தம்பியிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அண்ணே, கார்டுதான் ஏற்கெனவே லாக்ல இருந்துச்சே?”

இருந்தது. பூட்டிய கார்டில் விண்டோஸ் எதையும் எழுதாது, ஃபார்மட்டும் ஆகாது. அந்தத் தாழ்ப்பாள் கார்டுக்கு உள்ளே உள்ள மின்சுற்றோடு இணைந்ததல்ல, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கார்டு ரீடர் பார்த்துக் கணினிக்குச் சொல்கிறது, அதை மதிக்காத ரீடரும் உண்டு என்று அவனுக்குப் பதில் சொன்னேன். சொன்னது உண்மைதான். ஆனால் பெரும்பாலான ரீடர்கள் மதிக்கும் என்பதும் உண்மை. நானே பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் படத்தை எடுத்துக் கொடுத்திருந்தால் கார்டு என் கண்ணை விட்டுப் போயிருக்காது. மறுப்பதற்கான காரணங்களைத் தேடித் தேடிச் சேர்த்தேனோ என்று அப்போது முதல் முறையாகத் தோன்றியது.

அன்றிரவு நடந்ததை நான் நீண்ட நாள் எனக்குச் சாதகமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, கட் செய்யாமல் காப்பி மட்டும் செய்து, தேதி, கேமரா, கார்டு எண் மூன்றையும் பெயரில் கொண்ட கோப்புறைக்குப் படங்களை ஏற்றினேன். காப்பி செய்யும் மென்பொருள் சரிபார்த்து எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது. கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் பொருந்தின. சிறுபடங்களில் எல்லா முகமும் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவோடு நிறுத்துகிறவர்கள் பலர், நானும் முன்பு நிறுத்தியவன்தான். இப்போது பட்டியலில் இன்னொரு வேலை உண்டு: அதே கார்டை வேறொரு ரீடரில் போட்டு, ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை எண்ணையும் மறுபடி கணக்கிட்டு, கணினியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். ஒரு கோப்புக்கு மட்டும் பார்க்க விண்டோஸில் இந்தக் கட்டளை போதும்:

```
certutil -hashfile DSC_0412.NEF SHA256
```

இரண்டாவது ரீடர் எதற்கு என்றால், காப்பி மென்பொருள் தான் முதல் முறை படித்ததையும் தான் எழுதியதையும்தான் ஒப்பிடுகிறது. படிக்கும்போதே ரீடர் தவறாகப் படித்திருந்தால், அந்தத் தவறு அப்படியே எழுதப்பட்டு, அதோடு ஒப்பிடப்பட்டுப் பச்சையாகிவிடும். அன்று மூன்று கோப்புகளின் எண் பொருந்தவில்லை. அவற்றின் சிறுபடம் ஒழுங்காக இருந்தது. ரா கோப்புக்குள் ஒரு சிறிய ஜேபெக் தனியாக இருப்பதால், பின்னால் உள்ள தரவு கெட்டிருந்தாலும் அது நன்றாகவே தெரியும். ரா கோப்பைத் திறந்து உருவாக்கிப் பார்த்தபோதுதான் கீழ்ப்பாதி முழுவதும் இளஞ்சிவப்புக் கோடுகள். மூன்றில் ஒன்று, தாலி முடிச்சுப் போடும் படம்.

அந்த நிமிடத்தில் சித்தப்பாவிடம் கார்டைக் கொடுக்காதது எவ்வளவு நல்லது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் யோசித்தேன். முதல் ரீடர்தான் பழுது. கார்டில் எந்தக் குறையும் இல்லை. இரண்டாவது ரீடர் வழியாக அதே கார்டிலிருந்து மறுபடி ஏற்றியதும் மூன்று படங்களும் முழுமையாக வந்தன. தம்பியின் இடுப்புப் பையில் இருந்தது அதே படங்களின் இன்னொரு நகல்தான். அதைத் தொடவே நேரவில்லை. என் சட்டைப் பையில் இருந்த கார்டைச் சித்தப்பா எட்டு நிமிடம் வைத்திருந்திருந்தாலும் அன்றைய முடிவு மாறியிருக்காது. ஆகவே அந்த நிகழ்ச்சி இரண்டு ரீடர் வேண்டும் என்பதற்கு ஆதாரம். கார்டைத் தரக்கூடாது என்பதற்கு அது ஆதாரமே இல்லை.

அதே சமயம், தந்திருந்தால் தவறில்லை என்பதற்கும் அது ஆதாரமாகாது. எதுவும் நடக்காத நாளை வைத்து ஒரு விதியை எடைபோட முடியாது. தம்பி இதை ஒத்துக்கொள்வதில்லை. “விதி கார்டைக் காப்பாத்துச்சுண்ணே, ஆனா அவரு என்ன கேட்டாருன்னு நாம கேக்கவே இல்லையே” என்கிறான். பத்துப் படம் கேட்டவருக்கு 1,400 படங்களின் பாதுகாப்பைப் பற்றி நான் பாடம் நடத்தினேன் என்பது அவன் கணக்கு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை அவன் தனியாக ஒரு திருமணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பட்டியலில் இரண்டு மாற்றங்கள் உள்ளன. முதல் நாள் மாலையே, முகூர்த்த நாளன்றே ஊர் திரும்புகிறவர்கள் யார், அவர்களுக்கு எந்தப் படங்கள் வேண்டும் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேமராவிலேயே ராவோடு முழு அளவு ஜேபெக்கும் சேர்ந்து பதியும்படி வைத்து, அவர்கள் கேட்ட படங்களை எங்கள் லேப்டாப்பில், எங்கள் ரீடரில், பூட்டிய கார்டிலிருந்து எடுத்துப் பென்டிரைவில் தரவேண்டும். இதில் ஒரு முரண் இருப்பது எனக்குத் தெரியும். மண்டபத்தில் வைத்துக் கார்டை எந்தக் கணினியிலும் செருகாதே என்பது அதே பட்டியலின் பழைய வரி. கால் இடறும் வயர், பாயசத்தோடு ஓடும் குழந்தை, பாதியில் கூப்பிடும் வீட்டார் எல்லாம் அந்த வரிக்குக் காரணங்கள், அவற்றில் ஒன்றுகூட மாறவில்லை. பழைய வரியை அடிக்காமல் அதன் கீழேயே புதிய வரியை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திருமணத்தில் எதைப் பின்பற்றுவது என்று தம்பி கேட்டபோது, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து என்று சொன்னேன். அப்படியானால் அதற்குப் பட்டியல் எதற்கு என்று அவன் கேட்டான்.