அகராதிப் பதிவில் அடைப்புக்குறியை முதலில் படியுங்கள்: பொருள் தேர்வு வினா குறித்து என் அனுபவம்

முடிவுகள் வந்துவிட்டன. மொழித்தாளில் நான் மிகவும் அஞ்சியது, ஒரு பத்தியையும் ஓர் அகராதிப் பதிவையும் அருகருகே கொடுத்து, அடிக்கோடிட்ட சொல்லுக்கு எத்தனையாம் பொருள் பொருந்தும் என்று கேட்கும் பகுதியைத்தான். அதில் முழு மதிப்பெண் கிடைத்திருப்பதைப் பார்த்த நிம்மதியோடு இதை எழுதுகிறேன். வினாவின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பகுதிக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: ஒவ்வொரு பொருளையும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், எது ஒட்டுகிறதோ அதுவே விடை. அது தவறில்லை, ஆனால் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வினா அமைப்பவர் தவறான விடைகளையும் வாக்கியத்தில் ஒட்டும்படிதான் தேர்ந்தெடுக்கிறார். உண்மையில் பொருள்களைப் பிரித்துக் காட்டுவது, பலரும் கண்ணை ஓட்டிவிட்டுக் கடக்கும் சிறு எழுத்துகள்: பொருள் விளக்கத்துக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்கள், வேற்றுமைக் குறிப்பு, வினையின் காலம் காட்டும் வடிவங்கள். நான் பொருள் விளக்கங்களைப் படிப்பதற்கு முன்பே இவற்றைப் படித்துவிடுவேன். இந்தப் பகுதியில் எனக்குக் கைகொடுத்தது இந்த ஒரு பழக்கம்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பயிற்சிக்காக நானே எழுதிக்கொண்ட ஒரு பத்தியையும் பதிவையும் இங்கே தருகிறேன்.

"நெசவாளர் நூலை இரண்டு முறை சாயத்தில் தோய்த்து எடுத்தார். நீலம் பிடிக்கவில்லை. நூலை வெந்நீரில் கொதிக்கவிட்டு, எண்ணெய்ப் பசை போக அலசிய பிறகு, அதே சாயத்தில் மறுபடி தோய்த்தார்."

பிடி (வினை, பிடிக்க, பிடித்து)
1. (கையால்) பற்றுதல்.
2. (ஓடுவதை, தப்புவதை) அகப்படுத்துதல்.
3. (ஒரு செயலுக்குக் காலம்) தேவைப்படுதல்.
4. (நிறம், துரு, பாசி முதலியன ஒன்றின் மேல்) படிந்து ஒட்டுதல்.
5. (ஒருவருக்கு ஒன்று) விருப்பமானதாக இருத்தல்.

முதல் இரண்டு பொருள்களிலும் பிடிப்பவர் ஒருவர், பிடிபடுவது இன்னொன்று. அப்படியானால் பிடிபடும் பொருள் செயப்படுபொருளாக வரவேண்டும். இங்கே 'நீலம்' எழுவாயாக நிற்கிறது. ஆகவே இரண்டும் விலகுகின்றன. நீலம் என்பது காலம் அல்ல என்பதால் மூன்றாவதும் போகிறது. இதுவரை எதையும் வாக்கியத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை, அடைப்புக்குறிகளைப் படித்ததோடு சரி.

மீதி இருப்பவை நான்கும் ஐந்தும். கடினமான இடம் இதுதான். ஐந்தாம் பொருளுக்கு 'ஒருவருக்கு' என்று ஓர் ஆள் வேண்டும். பத்தியில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி உடனே அதை நீக்கிவிடக் கூடாது. தமிழில் முன் வாக்கியத்தில் வந்த ஆளை அடுத்த வாக்கியத்தில் சொல்லாமல் விடுவது இயல்பு. 'அவருக்கு நீலம் பிடிக்கவில்லை' என்று எண்ணிக்கொள்ள முந்தைய வாக்கியத்து நெசவாளர் தயாராக நிற்கிறார். நான்காம் பொருளுக்கு வேண்டிய 'நூலில்' என்பதும் அதே போலத் தொக்கியே நிற்கிறது. ஆகவே இலக்கணம் இங்கே இரண்டு பொருள்களையும் அனுமதிக்கிறது, வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒட்டும்.

இப்படி இரண்டு பொருள்கள் மிஞ்சும்போது நான் கேட்கும் கேள்வி: எந்தப் பொருளை எடுத்துக்கொண்டால் அடுத்த வாக்கியத்துக்குக் காரணம் இல்லாமல் போகிறது? நெசவாளருக்கு நீல நிறத்தில் விருப்பமில்லை என்றால், அவர் எண்ணெய்ப் பசை போக நூலை அலச வேண்டியதில்லை. அதே சாயத்தில் மறுபடி தோய்த்திருக்கவும் மாட்டார். சாயம் நூலில் ஏறவில்லை என்றால் இரண்டு செயல்களுக்கும் காரணம் கிடைக்கிறது, ஏனெனில் பசை உள்ள நூலில் சாயம் சரியாக ஏறாது. விடை நான்கு. 'அதே' என்ற ஒரு சொல்லே ஐந்தாம் பொருளை வெளியேற்றப் போதுமானது. இத்தகைய சொற்கள் பெரும்பாலும் அடிக்கோடிட்ட வாக்கியத்துக்கு வெளியே இருப்பதால், அந்த வாக்கியத்தை மட்டும் படித்து விடையளிப்பவர்கள் அவற்றைப் பார்ப்பதில்லை.

இதே பத்தியில் 'நூலுக்கு நீலம் பிடிக்கவில்லை' என்று வந்திருந்தால்? 'கு' உருபைக் கண்டவுடன் ஐந்தாம் பொருள் என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால் அடைப்புக்குறி 'ஒருவருக்கு' என்கிறது. நூல் விரும்பவும் வெறுக்கவும் முடியாதது. உருபை மட்டும் பார்க்காமல், அது எந்த வகைப் பெயரோடு ஒட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வினைவடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில தலைச்சொற்கள் ஒரே எழுத்தில் இரண்டு தனிப் பதிவுகளாக, 1, 2 என்று சிறு எண்ணிட்டு வரும். 'அடை' அப்படிப்பட்டது: அடைய, அடைந்து என்று வருவது ஒரு பதிவு, அடைக்க, அடைத்து என்று வருவது இன்னொன்று. பத்தியில் 'கடனை அடைத்தான்' என்று இருந்தால், 'சென்று சேர்தல்' என்ற பொருள் இருக்கும் பதிவை நீங்கள் திறக்கவே வேண்டாம். 'படி' என்பதும் அவ்வாறே: தூசி படிந்தது, பாடம் படித்தது. ஆனால் இந்தச் சோதனை எல்லா வினைகளுக்கும் உதவாது. வீட்டைக் கட்டினான், கயிற்றைக் கட்டினான், வரியைக் கட்டினான் என்ற மூன்றிலும் வடிவம் ஒன்றுதான். அங்கே செயப்படுபொருளே வழிகாட்டும்.

தேர்வு அறையில் நான் செய்த வரிசை:

- பத்தியில் அடிக்கோடிட்ட சொல்லின் வடிவத்தைப் பார்த்து, எந்தப் பதிவு என்று முடிவு செய்தல்.
- யார், எதை, யாருக்கு என்று ஓரத்தில் எழுதுதல். தொக்கி நிற்பதற்குக் கேள்விக்குறி இடுதல்.
- அடைப்புக்குறிகளை மட்டும் படித்து, பொருந்தாத எண்களை அடித்தல்.
- மிஞ்சியவற்றை மட்டும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தல்.
- இரண்டு மிஞ்சினால் அடுத்த வாக்கியத்தைக் கேட்டல்.

நான் மெதுவாகப் படிப்பவன், எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நிச்சயம் வரும். வேகமாகப் படிப்பவர்கள் இரண்டாவது வேலையை மனத்தில் செய்துகொள்ளலாம். மூன்றாவதை மட்டும் யாரும் விட வேண்டாம்.

முதல் எண்ணில் இருப்பதே பெரும்பாலும் விடை என்று சிலர் நம்புகிறார்கள். பொருள்களை வரிசைப்படுத்துவதில் அகராதிகளுக்குள் ஒரே முறை இல்லை. சில பழைய பொருளை முன்னால் வைக்கும், சில அதிகம் வழங்கும் பொருளை முன்னால் வைக்கும். ஆகவே எண் எதையும் சொல்லாது. பயிற்சிக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் தற்கால அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டை மறைத்துவிட்டு, அடைப்புக்குறியையும் விளக்கத்தையும் மட்டும் வைத்து நீங்களே ஒரு வாக்கியம் எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். உங்கள் வாக்கியத்தில் எழுவாயும் உருபும் அவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை என்றால், அந்தப் பொருளின் எல்லை உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி. சில பதிவுகளில் ஒரு பொதுப் பொருளும், அதற்குள் அடங்கும் ஒரு குறுகிய பொருளும் தனித்தனி எண்ணில் இருக்கும். இரும்பில் துரு பிடித்தது என்பதற்கு 'பற்றுதல்' என்ற பொதுப் பொருளும் பொருந்துவது போல் தோன்றும், 'படிந்து ஒட்டுதல்' என்பதும் பொருந்தும். அங்கே வாதம் செய்துகொண்டிருக்க வேண்டாம். துரு என்ற சொல்லையே தன் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கும் எண்ணை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள்.