பார்த்துப் போடு

நான் அவனிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். "பார்த்துப் போடு." அது எச்சரிக்கையா, அனுமதியா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

2023 உலகக் கோப்பை ஃபைனல் அன்று காலை. நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்குப் பாய்லர் பற்றவைத்து முதல் டிகாக்‌ஷன் இறக்கியிருந்தேன். பாலக்கோடு மண்டியில் தக்காளி லோடு ஏற்றப் போகிற தம்பி, வழக்கம்போல வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தான். சின்ன யானை ஓட்டுகிறவன், நாலு வருஷப் பழக்கம். சர்க்கரை கம்மி, டிகாக்‌ஷன் தூக்கலாக ஒரு டீ. சொல்லாமலே போட்டுக் கொடுப்பேன்.

அன்று டீயை வாங்கியவன் குடிக்காமல் போனை நீட்டினான். "ணா, ஒரு கன்ஃபார்ம் மேட்டர் வந்திருக்கு. மூணு மேட்ச் சொன்னான், மூணும் அடிச்சிருக்கு. இன்னைக்கு இந்தியாதான்."

அவன் போனில் இருந்த நம்பரை எனக்கு நன்றாகத் தெரியும். அதே நம்பரிலிருந்து முந்தின நாள் ராத்திரி எனக்கும் மெசேஜ் வந்திருந்தது. என்னுடையதில் ஆஸ்திரேலியா என்று போட்டிருந்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நவம்பர் 7 அன்று மத்தியானம் அந்த நம்பரிலிருந்து முதல் மெசேஜ் வந்தது. ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆஸ்திரேலியா ஜெயிக்கும், காசு எதுவும் வேண்டாம், சும்மா பாருங்கள் என்று. 292 அடிக்க வேண்டிய ஆஸ்திரேலியா 91 ரன்னுக்கு 7 விக்கெட்டைப் பறிகொடுத்ததும், போனவன் போனான் என்று சிரித்தேன். அப்புறம் மேக்ஸ்வெல் நடக்கக்கூட முடியாமல் நின்ற இடத்திலேயே நின்று 201 அடித்தார். அந்த ராத்திரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுலபமாக ஜெயித்திருந்தால் இதைத்தான் எல்லாரும் சொல்வார்களே என்று விட்டிருப்பேன். தோற்றுப்போன மேட்ச் திரும்பி வந்ததால், இவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறான் என்று தோன்றிவிட்டது. அரையிறுதியில் இந்தியா என்றான், வந்தது. மறுநாள் ஆஸ்திரேலியா என்றான், அதுவும் வந்தது.

நாலாவது மெசேஜில்தான் காசு கேட்டான். ஃபைனல் ரிசல்ட்டுக்கு 2,000. சந்தேகம் இருந்தால் பாதியை முன்னால் அனுப்பு, ரிசல்ட்டைச் சொல்கிறேன், மேட்சுக்குள் மீதியைக் கட்டினால் ஐடி தருகிறேன், அதில்தான் பெட் போட வேண்டும் என்றான். ஆயிரம் அனுப்பினேன். எச்சில் டம்ளர் கழுவிச் சேர்த்த காசு என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. கல்லாவுக்கு அடியில் டப்பாவில் சீட்டுக் காசு 15,000 இருந்தது. எல்லாரும் இந்தியா மேல் கட்டியதால் ஆஸ்திரேலியாவுக்கு ரேட் நன்றாக இருந்தது. போட்ட காசு போக இருபதாயிரத்துக்கு மேல் வரும் என்று ராத்திரி படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பத்து மேட்ச் தொடர்ந்து ஜெயித்த இந்தியா தோற்கும் என்று காசு கட்டுவது உறுத்தியது உண்மை. ஆனால் இருபதாயிரம் அந்த உறுத்தலை விடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில்தான் அந்தத் தம்பி இந்தியா என்று காட்டுகிறான்.

நியாயமாக அங்கேயே விளங்கியிருக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே மேட்ச், இரண்டு பேருக்கு இரண்டு பதில். இப்போது எழுதும்போது சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயமாக இருக்கிறது. அன்று என் புத்தி போன திசையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இவனுக்குத் தப்பாக வந்திருக்கிறது, நமக்குத்தான் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அது மட்டுமில்லை, என் மெசேஜைக் காட்டினால் இவனும் மாற்றிப் போடுவான், நாலு பேரிடம் சொல்வான், ரேட் இறங்கிவிடும் என்றும் நினைத்தேன். இவன் ஒருத்தனால் ரேட் இறங்குமாம்! அடுப்புக்கு முன்னால் நின்ற அந்த அரை நிமிஷத்தில் அவ்வளவு பெரிய வியாபாரியாகிவிட்டேன்.

"போடட்டுமாணா?" என்றான். டீ ஆற்றிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், "பார்த்துப் போடு" என்றேன்.

நான் ஏன் போடவில்லை என்று கேட்டால், யோசித்து விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நடந்தது வேறு. திங்கட்கிழமை வருகிற சீட்டுக்கார அக்கா, மறுநாள் ஊருக்குப் போகிறேன் என்று ஞாயிறு பதினொரு மணிக்கே வந்து நின்றார். டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டேன். அவர் சொன்னபடி திங்கட்கிழமையே வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

மத்தியானம் ஆஸ்திரேலியா டாஸ் ஜெயித்து பௌலிங் எடுத்தது. இந்தியா 240. ஆஸ்திரேலியா 47க்கு 3 ஆனபோது கடையில் விசில் பறந்தது, எனக்கு மட்டும் வயிறு கலங்கியது. அப்புறம் ஹெட்டும் லபுஷேனும் அசையவே இல்லை. ஹெட் 137. ஓவருக்கு ஓவர் கூட்டம் கலைய, நான் உள்ளுக்குள் இருபதாயிரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தியா ஜெயிக்கும், ராத்திரி வரைக்கும் டீ ஓடும் என்று கூடுதலாக 15 லிட்டர் பால் வாங்கி வைத்திருந்தேன். ஒன்பது லிட்டர் மிஞ்சி, தயிருக்குத்தான் போனது. ஆஸ்திரேலியா என்று மெசேஜை நம்பியவன் இந்தியாவை நம்பிப் பால் வாங்கியிருக்கிறேன் பாருங்கள்.

கடை சாத்திய பிறகுதான் விஷயம் விளங்கியது, கிளாஸ் கழுவும்போது. என் கடையில் 80 கிளாஸ். அதை 80 போன் நம்பர் என்று வைத்துக்கொள்வோம். 40 பேருக்கு ஆஸ்திரேலியா என்று அனுப்பு, 40 பேருக்கு ஆப்கானிஸ்தான் என்று அனுப்பு. தப்பாகப் போன 40 கிளாஸைக் கவிழ்த்து வை. மிச்சம் 40 பேரில் 20 பேருக்கு இந்தியா, 20 பேருக்கு நியூசிலாந்து. மறுபடியும் பாதியைக் கவிழ். மூன்றாவது மேட்ச் முடிந்ததும் பத்துக் கிளாஸ் நிமிர்ந்து நிற்கும். அந்தப் பத்துப் பேருக்கும் மூன்றுக்கு மூன்று சரி. அனுப்பியவனுக்குக் கிரிக்கெட்டே தெரிந்திருக்க வேண்டாம். பத்துப் பேரும் ஆளுக்கு 2,000 கட்டினால் பெட்டே போடாமல் 20,000. ஃபைனலுக்கு ஐந்து பேருக்கு இந்தியா, ஐந்து பேருக்கு ஆஸ்திரேலியா.

தப்பாக மெசேஜ் வந்த எழுபது பேர் டீக்கடைக்கு வந்து அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதனால் என் காதுக்கு வந்ததெல்லாம் 'அடிச்சிருக்கு' என்ற பேச்சு மட்டும்தான்.

ஆனாலும் எனக்கு வந்த மெசேஜ் சரியாகத்தானே இருந்தது? இந்தக் கேள்வி போக மாட்டேன் என்கிறது. எந்தக் காரணத்தால் சரியாக இருந்தால் என்ன, போட்டிருந்தால் காசு வந்திருக்கும். செல்போன் கடைத் தம்பி, வராதுணா, எடுக்கப் போனால் வரி கட்டு என்று இன்னொரு தடவை பிடுங்குவார்கள் என்கிறான். இருக்கலாம். அதை நம்பினால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது என்பதால் நம்புகிறேனோ என்னவோ.

வண்டிக்காரத் தம்பி 10,000 கட்டியிருந்தான், அதுபோக அந்த 2,000. நான் என் போனைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை அவன் சிரித்துவிட்டு இரண்டையும் அழிக்கிறான். இன்னொரு தடவை மாற்றிக் கட்டுகிறான். வளர்ந்த ஆள், நான் தடுத்தால் கேட்டிருப்பானா என்றும் கேட்டுக்கொள்கிறேன். கேட்டிருக்க மாட்டான் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவன் என்னைத்தானே கேட்டான்.

ஒரு வாரம் அவன் வரவில்லை. அப்புறம் வந்தான். டீயைப் பாதி குடித்துவிட்டு, "நீங்க அன்னைக்கு எதுனா போட்டீங்களாணா?" என்றான்.

"இல்லைப்பா" என்றேன். அது உண்மைதான். அன்றைக்கு அவனிடம் காசு வாங்கவில்லை. ஏன் என்று அவனும் கேட்கவில்லை.