தீர்வு இல்லை என்று சொன்ன லெவல்

ஜூன் 7, சனி

கடலூர் முதுநகர் கிடங்குகளை நினைத்து வரைந்த ஆறு பெட்டி சோகோபான் லெவலை இன்று, தீர்வு உண்டா என்று தேடும் என் சால்வர் நிரலில் ஓட்டினேன். சில நொடிகளில் "தீர்வு இல்லை" என்று வந்தது. இதோடு நிராகரித்தவை ஐந்து, தேறியவை பதினொன்று.

சோகோபான் என்பது, ஆளை நகர்த்திப் பெட்டிகளையெல்லாம் இலக்குக் கட்டங்களில் சேர்க்கும் புதிர். அதில் பெட்டியைத் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. அதனால் என் சால்வர் ஆளின் ஒவ்வொரு நடையையும் தனி நிலையாக எண்ணுவதில்லை. தள்ளல்களை மட்டும் வைத்து ஒவ்வொரு நிலையாகத் தேடும். இனி மீளவே முடியாத நிலை என்று தெரிந்தால் அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடும். அதற்கு இரண்டு விதிகள் எழுதியிருக்கிறேன். முதலாவது செத்த கட்டம்: இலக்கிலிருந்து பெட்டியைப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கும்போது எந்தக் கட்டத்துக்குப் போகவே முடியவில்லையோ, அங்கே போன பெட்டி இலக்குக்குத் திரும்பாது. இரண்டாவது, 2×2 சதுரம் முழுக்கப் பெட்டியும் சுவருமாக அடைந்துவிட்டால் அதிலுள்ள எந்தப் பெட்டியும் இனி நகராது.

மனசு கேட்கவில்லை. வரையும்போதே ஒரு வழி கண்ணில் பட்ட மாதிரி இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா மகள் வந்திருந்தாள். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைப் பெட்டியாகவும் சோழியை ஆளாகவும் வைத்துக்கொண்டு அந்த லெவலை ஆட ஆரம்பித்தாள். மூன்று தடவை மாட்டிக்கொண்டாள். காபி ஆறுவதற்குள், "சித்தி, இங்க பாருங்க, எல்லாம் போயிருச்சு!" என்றாள்.

ஒவ்வொரு நகர்வையும் திரும்பச் செய்யச் சொல்லி எழுதிக்கொண்டேன். ஓரிடத்தில்கூட விதி மீறல் இல்லை. சால்வர்தான் தப்பு.

ஜூன் 10, செவ்வாய்

பெரிய லெவலில் பிழையைத் துழாவிப் பயனில்லை. அதே கோளாறு இன்னும் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுருக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது இது:

```
#######
#     #
# $ $ #
#  @  #
# ..  #
#######
```

`$` பெட்டி, `.` இலக்கு, `@` ஆள். உள்ளே 20 கட்டங்கள். செத்தவை 11 போக, பெட்டி நிற்கக்கூடியவை 9. இரண்டு பெட்டிகளை அந்த ஒன்பதில் வைக்க 36 விதம்தான். தாளிலேயே எழுதிப் பார்த்துவிடலாம். எழுதிக்கொண்டே போனபோது, கடைசி நிலையில் கண் நின்றது.

இரண்டு பெட்டியும் இலக்கில், பக்கத்தில் பக்கத்தில். கீழே சுவரின் இரண்டு கட்டம். ஆக ஒரு 2×2 சதுரம் முழுசாக அடைந்திருக்கிறது! வெற்றி நிலையையே என் விதி "மீள முடியாது" என்று வெட்டியிருக்கிறது. பெட்டி நகராது என்பது உண்மைதான். ஆனால் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்த பெட்டி ஏன் நகர வேண்டும்? சதுரத்தில் ஒரு பெட்டியாவது இலக்குக்கு வெளியே இருந்தால் மட்டுமே வெட்ட வேண்டும்.

```python
if full and any(b not in goals for b in boxes_here):
    return True
```

திருத்தியதும் சால்வர் `uulDDrrruLulDD` என்று விடை தந்தது. சின்ன எழுத்து நடை, பெரிய எழுத்து தள்ளல்: 14 நகர்வு, அதில் 5 தள்ளல். முதல் பெட்டி இலக்குக்கு 2 கட்டம், இரண்டாவது 3 கட்டம் தள்ளியிருப்பதால் ஐந்துக்குக் குறைவாக வழியே கிடையாது.

முன்பு தேறிய பதினொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இலக்குகளைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன். பிழை இத்தனை நாள் தெரியாமல் இருந்தது அதனால்தான்.

ஜூன் 11, புதன்

"உண்டு" என்ற பதிலைச் சோதிப்பது சுலபம்: நகர்வு வரிசையை ஆடிப் பார்த்தால் போதும். அதற்காகத் தனியாக ஒரு சின்ன நிரல் எழுதினேன், சால்வரின் ஒரு வரியையும் கடன் வாங்காமல். "இல்லை" என்பதற்கு அப்படி ஆடிக் காட்ட எதுவும் இல்லை. வெட்டும் விதிகள் சரி என்ற நம்பிக்கை மட்டும்தான் பின்னால் நிற்கிறது. ஆகவே இனி "இல்லை" என்று வந்தால், லெவல் சிறியதாக இருக்கும் பட்சத்தில் இரண்டு விதியையும் அணைத்துவிட்டு முழுத் தேடலை இன்னொரு முறை ஓட்டுவேன். நேரம் கூடும், பரவாயில்லை.

ஜூன் 14, சனி

நிராகரித்த ஐந்தையும் மறுபடி ஓட்டினேன். கிடங்கு லெவலோடு சேர்த்து மூன்றுக்குத் தீர்வு உண்டு. நான்காவதில் ஒரு பெட்டி ஆரம்பத்திலேயே மேல் சுவரை ஒட்டி நிற்கிறது. அந்தச் சுவரோரமாக ஓர் இலக்கும் இல்லை. அது என் வரைதல் பிழை.

ஐந்தாவது, நான் வைத்த 20 லட்சம் நிலை வரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. இதையும் "இல்லை" என்றே அச்சிடும்படி எழுதி வைத்திருந்தேன்! தேடி முடித்து இல்லை என்பது வேறு, தேட முடியாமல் நின்றது வேறு. இப்போது "தெரியவில்லை" என்று மூன்றாவது பதிலும் சேர்த்தாயிற்று. சோகோபானைத் தீர்ப்பது பொதுவாகவே எவ்வளவு கடினம் என்று 1997-ல் ஜோசப் கல்பர்சன் நிரூபித்திருக்கிறார். பெட்டி கூடக்கூட இந்த மூன்றாவது பதில் அடிக்கடி வரும்.

அந்த லெவலைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். நாளை அக்கா மகள் வருகிறாள்; புளியங்கொட்டை டப்பா திண்ணையிலேயே இருக்கிறது.