ஃபிரிட்ஜின் வாட்ஸும் யூனிட்டும்

நண்பர் ஒருவர் தம் ஃபிரிட்ஜின் பின்புறத் தகட்டையும் முன்கதவு நட்சத்திர லேபிளையும் படமெடுத்து அனுப்பி, தகட்டில் உள்ள 120 வாட்ஸை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,050 யூனிட் வருகிறதே, லேபிளில் 200 யூனிட் என்று இருப்பது எப்படி என்று கேட்டிருந்தார்.

தகட்டில் இருப்பது கருவி ஓடும்போது இழுக்கும் மின்திறன் மட்டுமே. உள்ளே போதிய குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்திவிடுவதாலும், இன்வெர்ட்டர் வகையில் அதன் வேகமே குறைந்துவிடுவதாலும், நாள் முழுவதும் அத்தனை வாட்ஸ் செலவாவதில்லை. ஆகவே செலவைக் கணக்கிட லேபிளின் ஆண்டு யூனிட்டையே எடுக்க வேண்டும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று கொண்டால், 200 யூனிட்டுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய், அதாவது மாதம் 100 ரூபாய். லேபிளின் யூனிட் கதவைத் திறக்காமல் சோதனைக்கூடத்தில் அளந்த எண் என்பதால், வெப்பமான சமையலறையில் சற்றுக் கூடுதலாகவே ஆகும்.

நட்சத்திரம் கொள்ளளவை ஒட்டித் தரப்படுவதால், பெரிய ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ் சிறிய மூன்று நட்சத்திர ஃபிரிட்ஜைவிட அதிக மின்சாரம் எடுக்கக்கூடும். தர அளவுகோலும் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. எனவே லேபிள் எந்தக் காலத்துக்குச் செல்லும் என்று அதில் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள்.