அமெரிக்க கோடு, இந்தியக் கணக்கு

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனன் PS5-க்கு ஒரு கேம் கோடு அனுப்பினான். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் மூன்று புள்ளியைத் தொட்டு, Redeem Code-இல் 12 எழுத்தையும் போட்டேன். ஏற்கவில்லை. 8-ஐ B என்று படித்துவிட்டேனோ என்று கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்று முறை பார்த்தேன். (கடை அட்டையாக இருந்தால் பில் போடும்போது ஆக்டிவேட் செய்யாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பேன்.)

கோடில் தவறே இல்லை. அது அமெரிக்கக் கணக்குக்கானது. என்னுடையது இந்தியக் கணக்கு. தொடங்கும்போது கொடுத்த நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது.

சரி என்று அதே PS5-இல் அமெரிக்கக் கணக்கு ஒன்று திறந்து கோடைப் போட்டேன், ஏறிவிட்டது. அதில் Console Sharing இயக்கியதும் பழைய கணக்கிலேயே ஆட முடிகிறது. ஆனால் இந்த கேமின் கூடுதல் பகுதிகளையும் இனி அமெரிக்க ஸ்டோரில்தான் வாங்க வேண்டும். மைத்துனனிடம் சொல்லிவிட்டேன்.