மருத்துவர் எழுதாவிட்டால் அது இல்லை: யாழ்ப்பாணத்திலிருந்து மெடிக்கல் கோடிங்

உயர்தரத்தில் உயிரியல் படித்து, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்ட பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் வீதிக்கு ஒருவராவது இருப்பார்கள். வீட்டிலிருந்து செய்யக்கூடிய மெடிக்கல் கோடிங் வேலை பெரும்பாலும் இவர்களைத்தான் இழுக்கிறது. மனித உடல் ஓரளவு தெரியும், ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், பிறகென்ன என்று தோன்றும். அந்த உயிரியல் அறிவு உதவுவது உண்மை. ஆனால் முதல் ஆறு மாதத்தில் இவர்களைப் பிழைவிட வைப்பதும் அதேதான்.

அமெரிக்க மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்த்து எழுதிய குறிப்பை வாசித்து, அதிலுள்ள நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம் தொகுதியிலிருந்தும், செய்த சிகிச்சைகளுக்குச் சிபிடி தொகுதியிலிருந்தும் குறியீடு போடுவதுதான் வேலை. காப்புறுதி நிறுவனம் அந்தக் குறியீடுகளை வைத்துத்தான் பணம் கொடுக்கும்.

ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம். அறுபத்தேழு வயது நோயாளி, கிளினிக் வருகை. மருத்துவரின் முடிவுப் பகுதியில் மூன்று வரிகள்: இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், நாட்பட்ட சிறுநீரக நோய் நிலை 3பி. இன்சுலினும் மெட்ஃபோர்மின் குளிசையும் தொடரவேண்டும். புதிதாக வந்தவர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீடு தேடி E11.9, I10, N18.32 என்று மூன்றைப் போட்டு முடித்துவிடுவார். சரியான விடை இது:

```
E11.22
I12.9
N18.32
Z79.4
Z79.84
```

ஏன் இப்படி? ஐசிடி அகரவரிசையில் நீரிழிவின் கீழே `with` என்ற சொல்லுக்குள் சிறுநீரக நோய் வருகிறது. அப்படி வந்தால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. மருத்துவர் தொடர்புபடுத்தி எழுதத் தேவையில்லை. உயர் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் இதே விதிதான். ஆகவே சிக்கலற்ற நீரிழிவைக் குறிக்கும் E11.9 இங்கே செல்லாது, I10உம் செல்லாது; சிறுநீரக நோயுடன் சேர்த்துச் சொல்லும் E11.22உம் I12.9உம் அவற்றின் இடத்துக்கு வரும். வேறு காரணத்தால் வந்த சிறுநீரக நோய் என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் இந்தத் தொடர்பு விலகும். கடைசி இரண்டும் இன்சுலினையும் குளிசையையும் நீண்டகாலம் பாவிப்பதைச் சொல்பவை. புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இவற்றைத்தான்.

இதே குறிப்பில் நிலை எழுதப்படாமல், வெறுமனே நாட்பட்ட சிறுநீரக நோய் என்று மட்டும் இருந்தால்? ஆய்வுகூட அறிக்கையில், சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 38 என்று இருக்கிறது. 30க்கும் 44க்கும் இடையில் என்றால் 3பி என்று உயிரியல் பிள்ளைக்குத் தெரியும். கை தானாக N18.32ஐத் தட்டிவிடும். அது பிழை. நோயை நிர்ணயிப்பது மருத்துவரின் வேலை. அவர் எழுதாத நிலையைக் கோடர் எழுதமுடியாது. மருத்துவரிடம் கேள்வி அனுப்பவேண்டும், இல்லையென்றால் N18.9 போடவேண்டும். அதேபோல வெளிநோயாளர் குறிப்பில் நியூமோனியாவாக இருக்கலாம் என்று சந்தேகமாக எழுதியிருந்தால் நியூமோனியாவுக்குக் குறியீடு இல்லை, இருமலுக்கும் காய்ச்சலுக்கும்தான். விடுதியில் தங்கி வெளியேறிய நோயாளியின் இறுதிக் குறிப்பில் அதே சந்தேகம் இருந்தால் விதி மாறும், நோய் இருப்பதாகவே குறிக்கப்படும்.

இன்னொரு சிக்கல் எங்கள் பாடசாலை ஆங்கிலத்தால் வருவது. பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் பழகியவர் தேடுபெட்டியில் `oesophagus` என்று தட்டுவார். தொகுதியில் இருப்பது `esophagus`. எங்கள் மருந்துக்கடைப் பரசிற்றமோல் அங்கே அசிற்றமினோஃபென். திகதியில் மாதம் முதலில் வரும், 04/09 என்றால் ஏப்ரல் 9. அற்பமாகத் தெரிந்தாலும் நாளுக்கு அரை மணித்தியாலத்தை இவை தின்றுவிடும்.

துறையில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் சரித்தன்மை 95 வீதம். நூறு குறியீட்டுக்கு ஐந்து பிழை தாங்கும். மேலே பார்த்த ஒரே குறிப்பில் இரண்டு பிழையான குறியீடு, இரண்டு விடுபட்டது, ஆக நான்கு போய்விட்டன. வேகத்தைப் பற்றி முதலில் கவலைப்படத் தேவையில்லை என்பதற்கு இதுவே காரணம்.

சான்றிதழ்களில் அதிகம் கேட்கப்படுவது ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர் அமைப்பு நடத்தும் சிபிசி. நான்கு மணித்தியாலத்தில் 100 கேள்விகள், 70 வீதம் எடுத்தால் சித்தி. குறியீட்டுப் புத்தகங்களைத் திறந்து வைத்தே எழுதலாம், ஆனால் ஒரு கேள்விக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு; புத்தகத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்கவேண்டும். உயிரியல் படித்தவருக்கு நான்கு மாதம் ஒழுங்கான பயிற்சி போதும், மற்றவருக்கு எட்டு மாதம் வேண்டும். சித்தியடைந்தாலும் அனுபவமில்லாதவருக்குச் சிபிசி-ஏ என்ற பயிலுநர் தகுதிதான் கிடைக்கும். அந்த ஏ எழுத்து நீங்க இரண்டு வருட வேலை அனுபவம், அல்லது ஒரு வருட அனுபவத்துடன் 80 மணித்தியாலப் பயிற்சி காட்டவேண்டும். வேலை தருபவர்கள் தயங்குவதும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான்.

இனிப் பணம். தேர்வுக் கட்டணமும் உறுப்பினர் கட்டணமும் சேர்ந்து 600 டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 180,000 ரூபா, புத்தகங்கள் தனி. தொடக்கச் சம்பளத்தை மாதம் 50,000க்கும் 80,000க்கும் இடையில் வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு; பயிற்சி மாதங்களில் அதற்கும் கீழே போகலாம். 60,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 4,800 ரூபா போய், கைக்கு வருவது 55,200. விளம்பரங்களில் காட்டும் வருடத்துக்கு 50,000 டொலர் போன்ற தொகைகள் அமெரிக்காவில் இருந்து வேலை செய்பவர்களின் இடைநிலை வருமானம், இங்கே கிடைப்பதல்ல. ஆகவே கடன்பட்டு முதலில் தேர்வு எழுதுவதைவிட, பயிற்சி முடித்து ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, அங்கே ஆறு மாதம் குறிப்புகள் பார்த்தபின் எழுதுவது புத்தி.

வீட்டிலிருந்து என்பதும் முதல் நாளே கிடைப்பதில்லை. நோயாளியின் விபரம் அமெரிக்கச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. தனி அறை, பூட்டப்பட்ட கணினி, மேசையில் கைத்தொலைபேசி இல்லை என்ற ஒழுங்கு காட்டவேண்டும். அமெரிக்காவின் சில மாநிலங்களின் அரச மருத்துவ உதவித் திட்ட வேலைகளை நாட்டுக்கு வெளியே அனுப்பவே முடியாது. கோடிங்கைப் பகலிலே செய்யலாம். காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்கும் வேலையோ இரவு முழுக்க. இரண்டையும் ஒரே பெயரில் விளம்பரம் செய்வார்கள், சேருமுன் கேட்டுத் தெளியவேண்டும்.

மருத்துவர் பேசிய ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்யும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையை இப்போது புதிதாகத் தொடங்குவதை நாங்கள் ஊக்குவிக்கமாட்டோம். வெற்றிடமும் சேர்த்து 65 எழுத்துகளை ஒரு வரியாகக் கணக்கிட்டு வரிக்குப் பணம் தரும் தொழில் அது. மென்பொருள் தட்டியதைத் திருத்தும் வேலையாக அது மாறியபின் வரிக்கான விலை இறங்கிவிட்டது.

பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். ஐசிடி தொகுதி ஒவ்வொரு ஒக்டோபர் 1ஆம் திகதியும் புதுப்பிக்கப்படுகிறது. சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை 2020 ஒக்டோபர் வரை N18.3 என்று ஒரே குறியீடாக இருந்தது. அதன் பிறகே N18.30, N18.31, N18.32 என்று பிரிந்தது. அவர்கள் பாவிக்கும் பிரதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெறும் N18.3 இருந்தால் அந்த வகுப்புக்குப் பணம் கட்டவேண்டாம்.